டாக் படித்த கைப்பிரதி

1938ஆம் வருஷம், பாஸ்டன் நகரம். நார்த் எண்ட் என்ற இத்தாலியக் குடியேறிகள் வாழும் பகுதியில், தெருமுனையில் கூடும் இளைஞர் கூட்டம் ஒன்று சனிக்கிழமை இரவுகளில் பௌலிங் ஆடும். நீளமான மரத்தளத்தில் பந்தை உருட்டி, கோடியில் நிற்கும் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம். சீசன் முடிகிற நேரத்தில் தனிநபர் போட்டி ஒன்று வைத்தார்கள். பத்துப் பேர் ஆடினார்கள். முதலில் வந்தவர், கூட்டத்தோடு ஒட்டிக்கொண்ட வெளியாள். இரண்டாவது டேனி, மூன்றாவது டாக், நான்காவது லாங் ஜான், ஐந்தாவது மைக். அதற்குப் பிறகு மற்றவர்கள். கடைசி இடம் அலெக்குக்கு.

வீட்டுக்குப் போன பிறகு அந்த வெளியாளுக்கு ஒன்று உறைத்தது. தன் பெயரை எடுத்துவிட்டுப் பார்த்தால் இது அந்தக் கூட்டத்தின் அதிகாரப் படிநிலை அல்லவா? டாக்தான் தலைவர், டேனியும் மைக்கும் அவருடைய தளபதிகள். லாங் ஜானுக்குத் தனி அதிகாரம் இல்லை, ஆனால் தலைவர்களுக்கு நெருக்கமானவர். அலெக் கீழ்ப்படியில் இருப்பவர். யார் எங்கே நிற்கிறார் என்பதும், யார் எத்தனை கட்டைகளைச் சாய்க்கிறார் என்பதும் ஏறக்குறைய ஒரே வரிசையில் வருகின்றன. அதுவரை பௌலிங்கை அவர் ஆய்வாகவே நினைத்ததில்லை. நண்பர்களோடு பொழுதுபோக்கு, அவ்வளவுதான்.

அந்த வெளியாளின் பெயர் வில்லியம் ஃபூட் வைட். வயது இருபத்து மூன்று. ஹார்வர்டின் ஃபெலோஷிப் பணத்தில் நார்த் எண்டில் வந்து தங்கியிருந்தார். அங்கே உணவகம் நடத்திய ஓர் இத்தாலியக் குடும்பத்தோடு ஒன்றரை வருஷம் வாழ்ந்து இத்தாலிய மொழி கற்றார். பிறகு திருமணம் செய்துகொண்டு அதே பகுதியில் தனி வீடு பார்த்தார். 1943ல் வெளிவந்த அவருடைய 'ஸ்ட்ரீட் கார்னர் சொசைட்டி' இன்றும் சமூகவியல் வகுப்புகளில் பாடமாக இருக்கிறது. அதில் நார்த் எண்டுக்கு 'கார்னர்வில்' என்று பெயர். டாக், டேனி, அலெக் எல்லாமே அவர் வைத்த புனைபெயர்கள்.

ஒருவர் ஒரு தெருவில் போய் உட்கார்ந்துவிட்டு வந்து, "அங்கே இப்படித்தான் நடக்கிறது" என்று எழுதினால் நாம் ஏன் நம்ப வேண்டும்? புள்ளிவிவரம் இல்லை, கட்டுப்படுத்திய சோதனை இல்லை, வேறொருவர் போய் அதே இரவைத் திரும்ப ஓட்டிப் பார்க்கவும் முடியாது. பண்புசார் ஆய்வைப் பற்றிய இந்தக் கேள்விக்குப் பாடநூல்கள் வழக்கமாக இரண்டு பதில்களைத் தருகின்றன. ஒன்று ட்ரையாங்குலேஷன்: ஒரே விஷயத்தை வெவ்வேறு திசைகளிலிருந்து பார்த்து, பார்வைகள் ஒரே இடத்தில் சந்திக்கின்றனவா என்று சோதிப்பது. இன்னொன்று மெம்பர் செக்கிங்: எழுதியதை, யாரைப் பற்றி எழுதினோமோ அவர்களிடமே கொண்டுபோய்க் காட்டிச் சரியா என்று கேட்பது. இந்தச் சொற்கள் புழக்கத்துக்கு வருவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே வைட் இரண்டையும் செய்தார். அரை நூற்றாண்டு கழித்து அந்த இரண்டுக்காகவும் கூண்டில் ஏற்றப்பட்டார். அதனாலேயே இவற்றின் பலத்தையும் ஓட்டையையும் பார்க்க அவருடைய கதையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

*

முதலில் ட்ரையாங்குலேஷன். இது நில அளவையிலிருந்து வந்த சொல். அந்த அளவையின் மிகப் பெரிய உதாரணங்களில் ஒன்று நம் ஊரில் ஆரம்பித்தது. 1802ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் நூறடி எஃகுச் சங்கிலியை மாற்றி மாற்றி வைத்து ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளந்தார். இரண்டு முனைகளிலிருந்தும் தொலைவில் தெரியும் ஒரு புள்ளியைத் தியோடலைட்டில் பார்த்துக் கோணம் எடுத்தால் போதும், அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்பது கணக்கில் வந்துவிடும். அந்தக் கணக்கில் கிடைத்த பக்கமே அடுத்த முக்கோணத்தின் அடிக்கோடு. இப்படியே முக்கோணம் முக்கோணமாகத் துணைக்கண்டத்தை அளந்துகொண்டு போனார்கள்.

இந்த முறையில் பிழையைப் பிடிக்கும் வழி உள்ளேயே இருக்கிறது. முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் அளந்தால் கூட்டுத்தொகை 180 பாகை வர வேண்டும். பூமியின் வளைவுக்காக ஒரு சின்னத் திருத்தம் மட்டும் சேர்க்க வேண்டும். வரவில்லையென்றால் எங்கேயோ பிழை. அது போதாதென்று, பெங்களூருக்கு அருகே 1804ல் மறுபடியும் சங்கிலியைத் தரையில் போட்டு இன்னொரு அடிக்கோட்டை நேரடியாக அளந்து, கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிட்டார்கள். வித்தியாசம் சில அங்குலங்கள்தான்.

சமூக அறிவியலுக்குள் இந்தச் சிந்தனை உளவியல் வழியாக வந்தது. 1959ல் டொனால்ட் கேம்பெலும் டொனால்ட் ஃபிஸ்கும், ஒரு பண்பை ஒரே ஒரு முறையால் அளந்தால் நமக்குக் கிடைப்பது பண்பா அல்லது அந்த முறையின் சாயலா என்று பிரிக்க முடியாது என்று காட்டினார்கள். 1966ல் கேம்பெல் மூன்று சகாக்களோடு சேர்ந்து எழுதிய புத்தகத்தில் ஒரு புகழ்பெற்ற உதாரணம் உண்டு. சிகாகோ அருங்காட்சியகம் ஒன்றில் முட்டையிலிருந்து கோழிக்குஞ்சு வெளிவருவதைக் காட்டும் பகுதியில் தரை ஓடுகளை ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது. மற்ற பகுதிகளில் அவை வருஷக்கணக்கில் தாங்கின. எது பிடித்திருந்தது என்று பார்வையாளர்களைக் கேட்கலாம். கேள்விக்காகவே யோசித்து ஒரு பதில் சொல்வார்கள். தரை ஓடு அப்படி யோசிக்காது. இரண்டு வழிகளுக்கும் பலவீனம் உண்டு, ஆனால் இரண்டின் பலவீனமும் வேறு வேறு. ட்ரையாங்குலேஷனின் உயிர் அந்த 'வேறு வேறு'வில்தான் இருக்கிறது. 1970ல் நார்மன் டென்சின் இதை நான்காக வகுத்தார்: தரவுகளை வேறுபடுத்துவது, ஆய்வாளர்களை வேறுபடுத்துவது, கோட்பாடுகளை வேறுபடுத்துவது, முறைகளை வேறுபடுத்துவது.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வைட்டின் பௌலிங் கதைக்குத் திரும்புவோம். "கூட்டத்தில் உன் இடம் உன் ஸ்கோரைத் தீர்மானிக்கிறது" என்பது அவர் சொல்வது. இதற்கு உடனடியாக ஒரு எதிர்விளக்கம் உண்டு. தலைவர்கள் இயல்பாகவே நல்ல ஆட்டக்காரர்களாக இருக்கலாம்; நன்றாக ஆடுவதாலேயே தலைவர்கள் ஆகியிருக்கலாம். கடைசி இரவின் பட்டியல் மட்டும் கையில் இருந்தால் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

வைட்டிடம் வேறு சான்றுகளும் இருந்தன. அலெக் வார நாட்களில் ஓரிரு பேரோடு ஆடும்போது பிரமாதமாக ஆடுவார். சனிக்கிழமை மொத்தக் கூட்டமும் சுற்றி நிற்கும்போது சரிந்துவிடுவார். ஃபிராங்க் என்றொருவர் பேஸ்பால் ஆட்டத்தில் கெட்டிக்காரர், ஆனால் தன் கூட்டத்தோடு ஆடினால் மட்டும் தடுமாறுவார். ஆக திறமை இருந்தும் இடம் இல்லாதவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சறுக்குவது கூட்டத்தின் முன்னால்தான். இது நேரடியாகப் பார்த்தது. அடுத்து, வைட் போட்டி முடிந்த பிறகு டாக்கையும் லாங் ஜானையும் கேட்டார்: கீழே இருக்கிற ஒருவர் ஜெயித்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அதிர்ஷ்டம் என்றிருப்போம், இன்னொரு ஆட்டத்துக்கு இழுத்துக் கிண்டலடித்தே அவருடைய ஆட்டத்தைக் கெடுத்திருப்போம் என்ற பொருளில் பதில் வந்தது. 'இடம்' எப்படி 'ஸ்கோர்' ஆகிறது என்ற இயங்குமுறை இதில் கிடைத்துவிட்டது. மூன்றாவது சான்று வைட்டின் சொந்த அனுபவம். அன்று இரவு தான் ஜெயிக்க வேண்டும் என்று முக்கியமான நண்பர்கள் விரும்புகிறார்கள், தன்னை நம்புகிறார்கள் என்ற உணர்வு தன் கையிலேயே தெரிந்தது என்று பின்னாளில் எழுதினார்.

ஸ்கோர் பட்டியல், நேரடியாகப் பார்த்தது, கேட்டறிந்தது, தானே உணர்ந்தது என்று நான்கு கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. ஆனால் இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். ஒரே டேட்டாபேஸிலிருந்து படிக்கிற நான்கு டெஸ்ட்களும் பச்சை விளக்கு காட்டினால், அது நான்கு சான்று ஆகாது. ஒரே சான்று நான்கு முறை அச்சானதுதான். வைட் அந்தக் கூட்டத்துக்குள் வந்தது டாக் வழியாக. கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் டாக்கும் அவருக்கு நெருக்கமானவரும். வைட்டுக்குக் கிடைத்த ஆதரவும் தலைவர்களின் நண்பர் என்பதால் கிடைத்ததுதான். நான்கு கோடுகளில் மூன்று டாக்கின் தோளுக்குப் பின்னாலிருந்தே புறப்படுகின்றன. உண்மையில் தனித்து நிற்பது ஒன்றுதான்: அலெக்கின் வார நாள் ஆட்டத்துக்கும் சனிக்கிழமை ஆட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். அந்த ஸ்கோர்களை சீசன் முழுக்க ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால் விஷயம் அங்கேயே தீர்ந்திருக்கும். புத்தகத்தில் வரிசையாகப் பட்டியல் போட்டிருப்பது அந்த ஒரு இரவை மட்டுமே.

இன்னொன்றும் இருக்கிறது. நில அளவையில் 180 என்ற எண் முன்கூட்டியே தெரியும். கோணங்கள் பொய் சொன்னால் அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். தெருமுனையில் அப்படி ஓர் எண் கிடையாது. நான்கு சான்றுகளும் ஒத்துப்போனால் உண்மையை நெருங்கியிருக்கலாம், அல்லது நான்கும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கலாம். அதனால் சான்றுகள் ஒத்துப்போவதைவிட அவை எங்கே முரண்படுகின்றன என்பதுதான் அதிகம் சொல்லும். வைட்டின் சான்றுகளில் கனமானது எது என்று பாருங்கள். அலெக் நல்ல ஆட்டக்காரர், ஆனாலும் கடைசியில் வந்தார் என்ற முரண்பாடுதான்.

*

இப்போது மெம்பர் செக்கிங். வைட்டும் டாக்கும் முதலில் சந்தித்தது 1937 பிப்ரவரி 4 மாலை, உள்ளூர் சமூக நல மையத்தின் ஊழியர் ஒருவர் மூலமாக. டாக் அப்போது வேலையில்லாமல் இருந்தார், கூர்மையான மனிதர். ஆரம்ப நாட்களில் வைட் ஒருமுறை சூதாட்டக்காரர் ஒருவரிடம் போலீஸுக்குப் போகும் மாமூலைப் பற்றி வெளிப்படையாகக் கேட்டுவிட்டார். சூழ்நிலையே இறுகிப்போனது. மறுநாள் டாக் சொன்னதன் சாரம் இது: யார், என்ன, ஏன், எங்கே என்று கேட்டுக்கொண்டு திரியாதே; கூடவே இரு, கேட்காமலேயே பதில் வரும். இன்றும் களப்பணி வகுப்புகளில் சொல்லப்படும் அறிவுரை இது. பட்டம் வாங்காத ஒருவர் ஹார்வர்டுக்காரருக்கு எடுத்த பாடம்.

நாளடைவில் டாக் தகவலாளி என்ற நிலையைத் தாண்டி ஆய்வில் கூட்டாளி ஆனார். வைட் ஒவ்வொரு பகுதியின் முதல் வரைவையும் அவரிடம் காட்டி விவாதித்தார். டாக் திருத்தங்கள் சொன்னார். தன்னைப் பற்றி வரும் இடங்களில் சிரித்துக்கொண்டே, இது எனக்குச் சங்கடம்தான், ஆனால் நடந்தது இதுதான், இருக்கட்டும் என்ற வகையில் அனுமதித்தார். ஒரு ஆய்வாளருக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்குமா? 1985ல் இவோன்னா லிங்கனும் ஈகான் குபாவும் பண்புசார் ஆய்வின் நம்பகத்தன்மைக்கு விதிமுறைகள் எழுதியபோது மெம்பர் செக்கிங்குக்கே தலையாய இடம் கொடுத்தார்கள். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் வைட் நாற்பது வருஷம் முந்திக்கொண்டவர்.

ஆனால் டாக் இன்னொன்றும் சொன்னார். நீ வந்த பிறகு நான் எதைச் செய்தாலும், இதைப் பற்றி பில் வைட் என்ன கேட்பான், அவனுக்கு எப்படி விளக்குவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் இயல்பாகச் செய்துகொண்டிருந்தேன் என்ற பொருளில். வைட்டே இதை நேர்மையாகப் பதிவு செய்திருக்கிறார். கைப்பிரதியைப் படித்த டாக், வைட் வருவதற்கு முன்பிருந்த டாக் இல்லை. மூன்று வருஷமாக வைட்டின் கேள்விகளோடு வாழ்ந்து, வைட்டின் கண்ணால் தன் கூட்டத்தைப் பார்க்கப் பழகிய டாக். அவர் "சரி" என்றபோது கார்னர்வில் ஒப்புக்கொண்டதா, அல்லது இரண்டாவது வைட் ஒப்புக்கொண்டாரா?

அதைவிட முக்கியம், அவர் தலைவர். உச்சியில் டாக், கீழே அலெக் என்று இருக்கும் ஒரு படத்தை உச்சியில் இருப்பவரிடம் காட்டினால் அவர் ஏன் மறுக்கப்போகிறார்? இந்தக் கூற்றை உடைக்கக்கூடிய ஒரே ஆள் அலெக். "அன்னிக்கு நான் சரியா ஆடாததுக்குக் காரணமே வேற" என்று சொல்லக்கூடியவர் அவர்தான். கைப்பிரதி அவரிடம் போகவில்லை.

*

புத்தகம் வந்தது. முதலில் அதிகம் விற்கவில்லை. 1955ல் வைட் தன் ஆய்வு எப்படி நடந்தது என்று நீண்ட பின்னிணைப்பு எழுதிச் சேர்த்த பிறகு அது பாடநூல் ஆனது. நான் இங்கே சொல்கிற பல விவரங்கள் நமக்குத் தெரிவதே அந்தப் பின்னிணைப்பால்தான். அதில் ஊர்க்காரர்களின் எதிர்வினைகளும் இருக்கின்றன. டாக்குக்குப் பெருமையும் சங்கடமும் கலந்திருந்தது. உள்ளூர் ஆட்கள் அதைப் படிப்பதை அவர் ஊக்குவிக்கவில்லை. புத்தகத்தில் அவ்வளவு நல்லவிதமாக வராத, கல்லூரி படித்து மேலே போன சிக் மொரெல்லி சொன்னது சுவாரசியமானது. படம் உண்மைதான், ஆனால் ஆட்கள் அலங்காரம் கலைந்து வீட்டுக்குள் இருக்கிற நேரத்தில் போய்ப் பிடித்துவிட்டாய் என்ற தொனியில் அவர் பேசினார்.

1992ல் ஒரு சமூகவியல் இதழ் கிட்டத்தட்ட ஒரு முழு இதழையே இந்தப் புத்தகத்துக்கு ஒதுக்கியது. காரணம் மரியான் போலன் என்ற ஆய்வாளர் எழுதிய கட்டுரை. அவர் 1970 முதல் பலமுறை நார்த் எண்டுக்குப் போய், புத்தகத்தில் வருபவர்களில் கிடைத்தவர்களையும் அவர்களைத் தெரிந்தவர்களையும் சந்தித்தார். வைட் செய்யாமல் விட்ட மெம்பர் செக்கிங்கை முப்பது வருஷம் கழித்து அவர் செய்துமுடித்தார் என்று சொல்லலாம். அவருடைய குற்றச்சாட்டுகள் கடுமையானவை. இத்தாலிய ஊர்களில் ஆண்கள் தெருமுனையில் கூடிப் பேசுவது சாதாரண வழக்கம். அது தெரியாமல் வைட் அதை 'கேங்' ஆக்கிவிட்டார். குடும்பத்தை விட்டுவிட்டார். கைப்பிரதியைக் கூட்டத்தில் இருந்தவர்களிடம் காட்டவில்லை. டாக் 1967ல் இறந்திருந்தார். அவருடைய மகன்கள், இந்தப் புத்தகம் அப்பாவைக் காயப்படுத்தியது என்றார்கள்.

வைட் அதே இதழில் பதில் எழுதினார். வைட்டிடம் களப்பணி கற்ற, புத்தகத்தில் சாம் ஃபிராங்கோ என்ற பெயரில் வரும் தெருமுனைக்காரரும் எழுதினார். போலனுக்கு நார்த் எண்டைப் பற்றி எதுவுமே தெரியாது என்பது அவருடைய முடிவு. ஊர்க்காரர்களிடம் காட்டினால் உண்மை தெளிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் சற்று யோசிக்க வேண்டும். டாக்கின் மகன்களும் ஊர்க்காரர்கள், சாமும் ஊர்க்காரர். இரண்டு பக்கமும் மெம்பர்கள்தான்.

இன்னொரு கட்டுரை எழுதியவர் நார்மன் டென்சின். ஆமாம், ட்ரையாங்குலேஷனை நான்காக வகுத்த அதே டென்சின். யாருடைய கார்னர்வில் இது என்று கேட்ட அவர், வைட் சரியா போலன் சரியா என்று தீர்ப்பு எழுத மறுத்தார். வெளியே ஒரே ஓர் உண்மையான கார்னர்வில் இருக்கிறது, யார் சரியாக அளந்தார் என்று பார்த்துவிடலாம் என்ற எதிர்பார்ப்பையே அவர் கேள்விக்குள்ளாக்கினார். இருபது வருஷத்துக்கு முன் அளவுகோலைக் கையில் கொடுத்தவரே, இங்கே அளக்க ஒரு புள்ளி இருக்கிறதா என்று கேட்கிறார்.

எனக்கு அந்த அளவுக்குப் போக மனம் வரவில்லை. அலெக் கடைசியில் வந்தாரா இல்லையா என்பதற்குப் பதில் உண்டு. குழப்பம் வருவது, 'காட்டிச் சரிபார்த்தல்' என்ற ஒரே வார்த்தைக்குள் நான்கு வெவ்வேறு கேள்விகளை அடைத்துவிடுவதால்தான். அலெக்கிடம் கைப்பிரதி போயிருந்தால் அவரிடம் என்னென்ன கேட்டிருக்கலாம் என்று பிரித்துப் பார்ப்போம்.

முதல் கேள்வி: நீங்கள் கடைசியில் வந்தீர்களா? இது நடந்ததைப் பற்றியது. அலெக்கின் பதிலை ஸ்கோரோடு ஒப்பிடலாம். முரண்பட்டால் ஸ்கோர் ஜெயிக்கும். இரண்டாவது: அன்று கூட்டத்தின் முன்னால் நிற்கும்போது உங்களுக்கு எப்படி இருந்தது? இது அனுபவத்தைப் பற்றியது. இங்கே அலெக்குக்கு மேல் அதிகாரி யாரும் கிடையாது. வைட் தன் வெற்றியின் உணர்வை எழுதினார். தோல்வியின் உணர்வு இந்த ஆய்வில் வெற்றிடமாகவே இருக்கிறது. மூன்றாவது: கூட்டத்தில் உங்கள் இடம் கீழே என்பதால்தான் ஸ்கோரும் கீழே போனது, ஒப்புக்கொள்கிறீர்களா? இது விளக்கத்தைப் பற்றியது. அலெக் "இல்லை" என்றால் விளக்கம் தானாக உடைந்துவிடாது. உள்ளே நிற்பவருக்கு மொத்த அமைப்பும் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் அவர் வேறு காரணம் ஒன்று சொன்னால் அதைச் சோதித்தே ஆக வேண்டும். நான்காவது: இதை அச்சில் போடலாமா? இது உண்மையைப் பற்றிய கேள்வியே இல்லை, ஒருவருக்கு நேரும் தீங்கைப் பற்றியது.

இப்படிப் பிரித்துவிட்டு 1992 சண்டையைப் பார்த்தால் பாதிப் புகை அடங்கிவிடும். சிக் மொரெல்லி முதல் கேள்விக்கு ஆம் என்றும் நான்காவதுக்கு இல்லை என்றும் சொன்னவர். டாக்கின் மகன்கள் பேசியது நான்காவதைப் பற்றி; போலன் அதை முதலாவதுக்கான சாட்சியாகவும் படிக்கிறார். 'கேங்' சண்டை மூன்றாவதைச் சேர்ந்தது. அந்தச் சொல் அமெரிக்க ஆங்கிலத்தில் நண்பர் கூட்டத்தையும் குறிக்கும், குற்றக் கும்பலையும் குறிக்கும். எழுதியவர் ஒன்றை நினைக்க, படித்தவர்கள் மற்றொன்றை எடுத்துக்கொள்ளலாம். வைட் பதில் சொல்லியே ஆக வேண்டிய குற்றச்சாட்டு குடும்பத்தைப் பற்றியது. ஒரு மனிதனின் இடத்தைத் தெருமுனையில் மட்டும் அளந்தால், அவன் வீட்டுக்குள் வகிக்கும் இடம் அந்த வரைபடத்தில் வராது. இதை டாக்கிடம் எத்தனை முறை காட்டினாலும் வெளியே வந்திருக்காது. இருப்பதில் பிழை இருந்தால் படிப்பவர் சொல்வார். இல்லாததை அவர் கவனிப்பது அபூர்வம்.

"ஆம்" என்ற பதிலையும் அப்படியே நம்ப முடியாது. பிரிட்டனில் மைக்கேல் ப்ளூர் 1970களில் தொண்டை அறுவை மருத்துவர்கள் எந்தக் குழந்தைக்கு டான்சிலை எடுப்பது என்று எப்படி முடிவுசெய்கிறார்கள் என்று ஆராய்ந்தார். ஒவ்வொரு மருத்துவருக்கும் அவருடைய பாணியைப் பற்றிய அறிக்கையை அனுப்பி, பிறகு நேரில் பேசினார். ப்ளூர் வந்து சேர்ந்த முடிவு: அந்தப் பேச்சும் ஒரு சமூகச் சந்திப்புதான். அங்கே மரியாதை இருக்கிறது, அவசரம் இருக்கிறது, இந்த ஆளோடு எதற்கு வம்பு என்ற எண்ணம் இருக்கிறது. ஒப்புதலோ மறுப்போ, இரண்டுமே இன்னொரு தரவு. நீதிமன்றத் தீர்ப்பு இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. "நல்லா இருக்கு" என்று பொதுவாகச் சொல்பவர் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. "அந்த வாரம் நான் ஊரிலேயே இல்லை" என்று சொல்பவர் நிச்சயம் படித்திருக்கிறார்.

வைட் இதிலிருந்து எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதையும் சொல்லிவிடலாம். பிற்காலத்தில் அவர் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் மொந்த்ராகோன் தொழிலாளர் கூட்டுறவு நிறுவனங்களை ஆராய்ந்தார். 1991ல் பங்கேற்புச் செயல் ஆய்வு பற்றிய ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார். எழுதி முடித்துவிட்டு ஊர்க்காரர்களிடம் காட்டும் முறை இல்லை அது. எதைக் கேட்க வேண்டும், எதை அளக்க வேண்டும் என்ற முதல் முடிவிலிருந்தே அங்கு வேலை செய்பவர்கள் ஆய்வாளர்களாகக் கூட இருப்பார்கள். டாக்கோடு தற்செயலாக நடந்ததை முறையாக்கி, ஒருவருக்குப் பதில் பலர் என்று விரித்ததாக அதைப் படிக்கலாம். அப்படி ஓர் ஆய்வு நார்த் எண்டில் நடந்திருந்தால் பௌலிங் ஸ்கோரைக் குறித்து வைக்கும் நோட்டு அநேகமாக அலெக்கின் கையில் இருந்திருக்கும்.